‘அந்தப் பார்ட்டிக்கு என்ன ரேட்டுங்க?’

‘நீங்க அந்தக் கம்பெனிக்கும் டையிங் பண்றீங்கதானே, அவங்களுக்குக் கிலோவுக்கு என்ன ரேட்டுங்க போடறீங்க?’ திருப்பூரில் சாயப்பட்டறை நடத்தும் எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கேட்பவர் புதிதாக வேலை கொடுக்க வந்திருக்கும் ஏற்றுமதியாளராக இருக்கலாம். பல வருடமாகத் துணி அனுப்பிக்கொண்டிருப்பவராகவும் இருக்கலாம். டீ குடித்துக்கொண்டே, பேச்சுவாக்கில், பெரிய விஷயமே இல்லை என்பதுபோல் கேட்பார். சங்கடமெல்லாம் பதில் சொல்ல வேண்டியவருக்குத்தான். சொன்னால் இங்கே இல்லாத ஒருவருக்குத் துரோகம். சொல்லாவிட்டால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் மாறும். அதற்குப் பயந்து பாதியைச் சொல்லித் தப்பிக்கிறவர்கள்தான் அதிகம். அந்தப் பாதிப் பதிலால் மூன்று தரப்புக்கும் நஷ்டம் என்பதும், முழுதாக மறுப்பதால் கேட்டவருக்கே லாபம் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம். முதல் பகுதியை எளிதில் ஒப்புக்கொள்வீர்கள். இரண்டாவதுக்குச் சான்று வேண்டும்.

இந்தக் கேள்வி திருப்பூரில் இவ்வளவு சகஜமாக எழுவதற்கு அந்த ஊரின் தொழில் அமைப்பே காரணம். ஒரு டி-ஷர்ட் ஒரே கூரையின்கீழ் உருவாவது அங்கே குறைவு. நூல் ஓர் இடத்தில் நிட்டிங் ஆகிறது, துணி இன்னோர் இடத்தில் சாயம் ஏறுகிறது, வேறோர் இடத்தில் காம்பேக்டிங், அதற்கப்பால் பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங். ஏற்றுமதி ஆர்டர் எடுத்தவர் ஒருவர்; வேலை செய்பவர்கள் பலர். இவர்களில் பெரும்பாலோர் ஜாப் ஒர்க் செய்பவர்கள். ஒரே சாயப்பட்டறைக்கு ஐந்தாறு ஏற்றுமதியாளர்களின் துணி வரும். அந்த ஐந்தாறு பேரும் ஒரே ஐரோப்பிய வாங்குநரிடம் ஒரே ஆர்டருக்குப் போட்டி போடுகிறவர்களாகவும் இருப்பார்கள். ஆக, சாயப்பட்டறைக்காரர் போட்டியாளர்கள் எல்லோருடைய கணக்கிலும் ஒவ்வொரு வரியைக் கையில் வைத்திருக்கிறார். கேட்காமலே அவரிடம் வந்து சேர்ந்த ரகசியங்கள் அவை. அவர் எந்த உறுதிமொழியிலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். பெரும்பாலும் ஒரு டெலிவரி சலானும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு ரேட்டும்தான் அவர்களுக்குள் இருக்கும் எழுத்து.

ஒருவருடைய ரேட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் என்ன தெரிந்துவிடும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இரண்டு பார்ட்டிகளை வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. பட்டறைக்குப் பட்டறை மாறும். முதல் பார்ட்டி மாதம் 15 டன் துணி தருகிறார். எல்லாம் வெளிர் நிறங்கள். ஒவ்வொரு லாட்டும் 500 கிலோ, மெஷின் நிறைய. பணம் 15 நாளில் வந்துவிடும். அவருக்குக் கிலோ 90 ரூபாய். இரண்டாவது பார்ட்டி மாதம் 2 டன் தருகிறார். நேவி, கறுப்பு, மெரூன் போன்ற அடர் நிறங்கள். ஒவ்வொரு நிறமும் 160 கிலோ அளவில் சின்னச் சின்ன லாட். பணம் 90 நாளில் வரும். (சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, திருப்பூர் அதை எவ்வளவு மதிக்கிறது என்பது வேறு கட்டுரை.) இவருக்குக் கிலோ 150 ரூபாய். இப்போது இரண்டாமவர் காதில் ‘அவருக்கு 90’ என்று மட்டும் விழுந்தால் என்ன நினைப்பார்? கிலோவுக்கு 60 ரூபாய் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

அந்த 60 ரூபாயைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. வெளிர் நிறத்துக்குத் துணியின் எடையில் அரை சதவீதம்கூடச் சாயம் தேவைப்படாது; கறுப்புக்கு நான்கைந்து சதவீதமும் அதற்கு மேலும் போகும். அடர் நிறத்தைத் துணியில் ஏற்றுவதற்கு உப்பும் அதிகம் வேண்டும். சாயமும் ரசாயனமும் சேர்ந்து கிலோவுக்கு 35 ரூபாய் கூடுதல் என்று கொள்வோம். அந்த உப்புத் தண்ணீரை ஆற்றில் விட முடியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது இதனால்தான். சொட்டுக் கழிவுநீர்கூட வெளியேறாமல் சுத்திகரித்து, நீரையும் உப்பையும் மீட்டெடுத்தால்தான் பட்டறை ஓடலாம். உப்பு கூடக் கூட அந்தச் செலவும் கூடும். அதற்கு 5 ரூபாய். அடுத்தது மெஷின். 250 கிலோ மெஷினில் ஒரு லாட் ஓட்ட ஆள்கூலி, நீராவி, மின்சாரம் என்று 6,000 ரூபாய் ஆகிறது என்றால், நிறையப் போட்டால் கிலோவுக்கு 24 ரூபாய். 160 கிலோ மட்டும் போட்டால் 37 ரூபாய் 50 காசு. பெரிய மெஷின் நிறைந்து ஓடும்போதும் கிலோவுக்கு அதே 24 என்று எடுத்துக்கொண்டால், வித்தியாசம் 13 ரூபாய் 50 காசு. கடைசியாக வட்டி. 150 ரூபாய் 75 நாள் தாமதமாக வருகிறது. ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் 3 ரூபாய் 70 காசு. எல்லாம் சேர்ந்து 57 ரூபாய் 20 காசு. ‘ஏமாற்றியது’ என்று தோன்றிய 60 ரூபாயில், உண்மையான பேரத்தின் பங்கு 3 ரூபாய்கூட இல்லை.

இதில் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, இன்னொருவருடைய ரேட் கேட்டவருக்கு எந்தப் பயனும் தராது. நிறம், லாட் அளவு, பணம் வரும் நாள் எல்லாம் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். தனியாகச் சொன்னால் அது பொய்யான செய்தி. இரண்டு, அந்த எண்ணுக்கு அர்த்தம் கொடுக்கும்படி விவரங்களையும் சேர்த்துச் சொன்னால், முதல் பார்ட்டியின் தொழிலையே பிரித்து வைத்ததாகிவிடும். மாதம் 15 டன் என்றால் அவருடைய ஆர்டரின் அளவு தெரிகிறது. ஒரு கிலோ துணியில் ஐந்து டி-ஷர்ட் வரும் என்று வைத்தால், 75 ஆயிரம் பீஸ். வெளிர் நிறங்கள் எவை என்று தெரிந்தால் அடுத்த சீசனுக்கு அவருடைய வாங்குநர் என்ன திட்டமிடுகிறார் என்பது தெரிகிறது. 15 நாளில் பணம் தருகிறார் என்றால் அவர் கையில் ரொக்கம் இருக்கிறது. இந்த வரிகளைத் தன் காஸ்டிங் ஷீட்டில் போட்டுப் பார்க்கும் போட்டியாளரால் அவர் ஒரு பீஸுக்கு என்ன விலை கேட்டிருப்பார் என்பதை ஏறக்குறையச் சொல்லிவிட முடியும். டையிங்கில் கிலோவுக்கு 5 ரூபாய் என்பது பீஸுக்கு 1 ரூபாய். ஒரு லட்சம் பீஸ் ஆர்டரில் அது ஒரு லட்சம் ரூபாய். பீஸுக்கு ஓரிரு சென்ட் வித்தியாசத்தில் ஆர்டர் கை மாறும் தொழில் இது.

ஆகவே மறுக்க வேண்டும். இதை ஒப்புக்கொள்கிறவர்களும் சறுக்குவது மறுக்கும் விதத்தில்தான். ‘அவங்களுக்கும் இதே ரேட்டுதானுங்க’ என்பது மிகப் பழக்கமான பதில். கேட்டவர் சமாதானமாகிவிடுவார் என்ற நம்பிக்கையில் சொல்வது. ஆனால் அது உண்மையாக இருந்தால் ரகசியத்தைச் சொன்னதாகிறது. பொய்யாக இருந்தால், மெர்ச்சண்டைசர் ஒருவர் வேலை மாறும் நாளில் வெளியே வரும். ‘உங்களுக்குத்தான் இருக்கறதிலயே கம்மி’ என்பது இன்னும் ஆபத்து. மற்ற எல்லோருக்கும் இதைவிட அதிகம் என்று ஒரே வாக்கியத்தில் எல்லாப் பார்ட்டிகளைப் பற்றியும் சொல்லியாகிவிட்டது. ‘அவங்க வால்யூம் வேறங்க, அதையும் இதையும் ஒப்பிட முடியாது’ என்பது நாகரிகமான பதில்போலத் தோன்றும். அது சொல்லும் செய்தி: அவருக்குக் குறைவு, அவர் நிறையக் கொடுக்கிறார். இந்த மூன்று பதில்களிலும் ஒரு பொதுக் குறை உண்டு. மறுப்பதற்கான காரணத்தை இவை அந்த இன்னொரு பார்ட்டியிடமிருந்து எடுக்கின்றன. அவரைப் பற்றி எதையாவது சொல்லாமல் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.

மறுப்புக்கான காரணம் எதிரே இருப்பவரிடமிருந்து எடுக்கப்பட வேண்டும். ‘தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. ஒரு பார்ட்டியோட ரேட்டை இன்னொருத்தருக்குச் சொல்றதில்லீங்க. நாளைக்கு அவங்க வந்து உங்களோடதைக் கேட்டாலும் இதேதானுங்க சொல்லுவேன்.’ கொங்குப் பகுதிப் பேச்சில் இதைவிட மரியாதையாகவும் முடிவாகவும் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. முதல் வாக்கியம் கேட்டதைக் குற்றமாக ஆக்கவில்லை. இரண்டாவது, இது அவருக்கு எதிரான முடிவல்ல, எல்லோருக்கும் உள்ள வழக்கம் என்கிறது. மூன்றாவதுதான் வேலை செய்யும் வாக்கியம். கேட்டவரைக் கேட்கப்பட்டவரின் இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. தன் ரேட்டும் தன் ஷேடும் இதே மேஜையில் இன்னொருவர் முன்னால் பேசப்படலாம் என்று நினைத்துப் பார்க்கிற எந்த முதலாளியும் அதற்கு மேல் வற்புறுத்துவது கடினம். இதில் ‘மன்னிச்சுக்குங்க’ என்று இரண்டு முறை சொல்லத் தேவையில்லை. அதிகம் மன்னிப்புக் கேட்டால் இன்னொரு முறை கேட்டால் சொல்லிவிடுவார் என்றுதான் எதிராளிக்குப் படும்.

கெட்டிக்காரர்கள் நேராகக் கேட்பதில்லை. ‘அவரே சொன்னாருங்க, 95-க்கு வாங்கறாராமே?’ என்று ஓர் எண்ணை வீசுவார்கள். உண்மை 90 என்று தெரிந்தவருக்கு இங்கேதான் சோதனை. தவறான எண்ணைக் கேட்டதும் திருத்த வேண்டும் என்று நாக்கு துடிக்கும். குறைந்தபட்சம் ஒரு சிரிப்பாவது வந்துவிடும். அந்தச் சிரிப்பு போதும்: 95 இல்லை, அதற்கும் கீழே. அடுத்து 85 என்பார், முகத்தைப் பார்ப்பார். சரியான எண்ணைச் சொன்னாலும், பிழையான எண்ணைச் சொன்னாலும், அந்தப் பார்ட்டி இங்கே வருவதே இல்லை என்றாலும் பதில் ஒன்றேயாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். நம்மிடம் வராத கம்பெனியைப் பற்றிக் கேட்டால் ‘அவங்க நம்மகிட்ட வர்றதில்லீங்க’ என்றும், வருகிற கம்பெனியைப் பற்றிக் கேட்டால் ‘சொல்றதில்லீங்க’ என்றும் பதில் சொல்லும் பட்டறையில், மௌனமே ‘ஆம்’ என்று அர்த்தமாகிவிடுகிறது. சில சமயம் மட்டும் மறுப்பவர் ஒவ்வொரு மறுப்பிலும் எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறார். யார் நம் பார்ட்டி என்பதையும் சேர்த்தே காக்க வேண்டும். அவராக வெளியில் சொல்லிக்கொள்ள அனுமதி தந்திருந்தால் தவிர.

வெறுங்கையோடு மறுப்பதும் சரியல்ல. ரேட் கேட்டு வருகிறவர் பெரும்பாலும் வேவு பார்க்க வந்தவரல்லர். தான் கொடுக்கும் விலை நியாயமானதா என்ற சந்தேகம் அவருக்கு. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க இன்னொருவர் கணக்கு தேவையில்லை. அவருடைய கணக்கே போதும். மேலே 60 ரூபாயைப் பிரித்தோமே, அதே பிரிப்பை அவருடைய 150 ரூபாய்க்கு மட்டும் செய்து காட்டலாம். சாயமும் ரசாயனமும் இவ்வளவு, கழிவுநீருக்கு இவ்வளவு, 160 கிலோ லாட்டாக வருவதால் மெஷினுக்கு இவ்வளவு, 90 நாளுக்கு வட்டி இவ்வளவு. கூடவே, ‘கறுப்பையும் நேவியையும் 250 கிலோவா சேர்த்துக் கொடுத்தீங்கன்னா இத்தனை குறையும், 30 நாள்ல பணம் வந்தா இத்தனை குறையும்’ என்று சொல்லலாம். மேலே உள்ள எண்களின்படி லாட்டை நிறைத்தால் 13 ரூபாய் 50 காசும், 60 நாள் முன்னதாகப் பணம் தந்தால் ஏறக்குறைய 3 ரூபாயும் குறைகிறது. இது அவரால் செய்யக்கூடிய காரியம். முதல் பார்ட்டியின் 90 ரூபாயைத் தெரிந்துகொண்டிருந்தால் கோபம்தான் மிஞ்சியிருக்கும். தன் செலவைப் பிரித்துக் காட்டத் தயங்கும் பட்டறைகள் உண்டு. லாபம் தெரிந்துவிடும் என்ற பயம். லாபத்தைத் தனி வரியாகக் காட்ட வேண்டிய அவசியமில்லை. ஆனால் எந்த விளக்கமும் தராமல், பிறர் ரேட்டையும் சொல்லாமல் இருந்தால் கேட்டவர் சந்தேகத்தோடுதான் எழுந்து போவார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த வாதத்துக்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. விலை என்பது வெளிப்படையாக இருப்பதுதானே நியாயம்? எல்லோருக்கும் எல்லோர் விலையும் தெரிந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள், போட்டி கூடி விலை குறையும் அல்லவா? கேட்க நன்றாக இருக்கிறது. இதைச் சோதித்துப் பார்த்த அரசாங்கமே இருக்கிறது. டென்மார்க்கில் ரெடிமிக்ஸ் கான்கிரீட் விற்கும் கம்பெனிகள் வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் ரகசியமாகத் தள்ளுபடி கொடுத்துவந்தன. போட்டியை வளர்ப்பதற்காக, 1993-ல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் கம்பெனிகள் உண்மையில் வாங்கும் விலைகளைப் பகுதிவாரியாகத் திரட்டி வெளியிடத் தொடங்கியது. ஒரு வருடத்துக்குள் விலை 15 முதல் 20 சதவீதம் ஏறியது. ஆல்பெக், மோல்கார்ட், ஓவர்கார்ட் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 1997-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். மூலப்பொருள் விலையேற்றமோ தேவை கூடியதோ காரணமல்ல. விலைகள் வெளியானதே காரணம் என்பது அவர்கள் முடிவு.

ஏன் அப்படி ஆயிற்று என்பதை யோசித்தால் நம் சாயப்பட்டறைக்குத் திரும்பி வந்துவிடுவோம். ஒரு விற்பனையாளர் ஒருவருக்கு மட்டும் விலை குறைப்பது, அது மற்றவர்களுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான். தெரிந்துவிடும் என்றால் எல்லா வாடிக்கையாளர்களும் அதையே கேட்பார்கள். போட்டிக் கம்பெனிகளும் உடனே பதிலடி கொடுக்கும். ஒருவருக்கு 5 ரூபாய் குறைப்பது ஐம்பது பேருக்கு 5 ரூபாய் குறைப்பதாகிவிடும். அதைவிட யாருக்குமே குறைக்காமல் இருப்பது லாபம். கான்கிரீட் கம்பெனிகள் அதைத்தான் செய்தன. பேச்சுவாக்கில் ரேட்டைக் கசியவிடும் பட்டறைக்காரரும், கொஞ்ச நாளில் யாருக்கும் சலுகை தராதவராக மாறியாக வேண்டும்; இல்லாவிட்டால் எல்லோரிடமும் மிகக் குறைந்த ரேட்டுக்கு இழுபட்டுப் பட்டறையை மூட வேண்டும். தீபாவளிக்கு முன் மெஷின் காலியாக இருக்கும் வாரத்தில் உங்களுக்கு மட்டும் 4 ரூபாய் குறைத்துத் தந்தாரே, அந்தச் சலுகை உயிரோடு இருப்பது அது வெளியே போகாததால்தான். கேட்டவருக்கே லாபம் என்று முதலில் சொன்னதற்குச் சான்று இதுவே. அவர் வாங்கும் தள்ளுபடியைக் காப்பதும் இந்த வாய்ப்பூட்டுதான். டென்மார்க் கான்கிரீட் சில கம்பெனிகளே விற்கும் சந்தை. திருப்பூரில் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆகவே அதே அளவு விளைவு இங்கேயும் வரும் என்று சொல்ல மாட்டேன். திசை அதுதான்.

இன்னொரு ஆட்சேபம் திருப்பூர்க்காரர்களே சொல்வது: ‘இந்த ஊர்ல எதுங்க ரகசியம்? வேன் டிரைவருக்குத் தெரியும், மெர்ச்சண்டைசருக்குத் தெரியும், பேக்கரியில நின்னா எல்லா ரேட்டும் காதுல விழும்.’ உண்மைதான். ஆனால் பேக்கரியில் விழுவது வதந்தி. அதை வைத்து யாரும் ஒரு லட்சம் பீஸுக்கு விலை போட மாட்டார்கள். பட்டறை முதலாளி வாயிலிருந்து வந்தால் அது உறுதிசெய்யப்பட்ட தகவல். அதன்மேல் பணம் கட்டலாம். ஊரெல்லாம் பேசுகிறார்கள் என்பதற்காக நாமும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மாறாக, பேச்சு இவ்வளவு மலிந்த ஊரில் பேசாத ஒரு பட்டறைக்குத் தனி மதிப்பு உண்டு. புதிய வாங்குநரின் மாதிரித் துணிகளை, இன்னும் வெளியே தெரியக் கூடாத நிறங்களை ஏற்றுமதியாளர் யாரிடம் கொடுப்பார் என்று யோசித்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289-வது அறிக்கையில் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்காக இப்போது பாதுகாப்பே இல்லை என்று அர்த்தமல்ல. ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் விதி இருந்தால் அதை மீறியதற்கு நஷ்டஈடு கேட்கலாம். எழுத்தில் இல்லாவிட்டாலும், நம்பிக்கையின்பேரில் கொடுத்த தகவலை வேறு வழியில் பயன்படுத்தியதை இந்திய நீதிமன்றங்கள் தடுத்திருக்கின்றன. திருப்பூர்க்காரர்கள் அதிகம் கவனிக்காதது இன்னொரு சட்டம். போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவு, போட்டியாளர்கள் கூடி விலை நிர்ணயிப்பதைத் தடை செய்கிறது. 2023-ம் ஆண்டுத் திருத்தம் அதில் ஒரு வரியைச் சேர்த்தது: அதே தொழிலில் இல்லாத ஒருவரும், அந்தக் கூட்டு ஏற்பாட்டில் பங்கெடுத்தால் அதில் ஓர் அங்கமாகவே கருதப்படுவார். போட்டியாளர்கள் நேருக்கு நேர் பேசாமல், நடுவில் இருக்கும் பொதுவான ஒருவர் வழியாக விலைத் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் முறையைக் குறிவைத்த திருத்தம் இது.

அது எப்படி நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் பொம்மை வழக்கைப் போல் தெளிவான உதாரணம் இல்லை. ஆர்கோஸ், லிட்டில்வுட்ஸ் என்று இரண்டு பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்கள்; இரண்டும் அட்டவணைப் புத்தகம் அச்சிட்டு அதன்வழி பொருள்களை விற்பவை. இரண்டுக்கும் பொம்மை கொடுத்தது ஹாஸ்ப்ரோ. ஒருவர் அடுத்த அட்டவணையில் என்ன விலை போடப்போகிறார் என்பதை இன்னொருவரிடம் ஹாஸ்ப்ரோ ஆட்கள் சொல்லி, இருவரும் விலையைக் குறைக்காதபடி பார்த்துக்கொண்டார்கள். இரண்டு நிறுவனங்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டே ஆக வேண்டும் என்ற தேவை இருக்கவில்லை. 2003-ல் அங்குள்ள நியாய வர்த்தக அலுவலகம் ஆர்கோஸுக்கு 1 கோடியே 72 லட்சம் பவுண்டுக்கு மேலும், லிட்டில்வுட்ஸுக்கு 53 லட்சம் பவுண்டுக்கு மேலும் அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் தொகை ஓரளவு குறைந்ததே தவிரக் குற்றம் நிலைத்தது. தானாக முன்வந்து ஒப்புக்கொண்டதால் ஹாஸ்ப்ரோ அபராதத்திலிருந்து தப்பியது. டீ குடிக்கும்போது ஒரு ரேட்டைச் சொன்ன சாயப்பட்டறைக்காரர்மீது நாளைக்கே வழக்கு வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. கூட்டு ஏற்பாடு இருந்ததாக நிரூபிக்க வேண்டும். ஒரு வாய்ப்பேச்சு அதற்குப் போதாது. ஆனால் ‘அவர் இதற்குக் கீழே போகமாட்டேன் என்கிறார், நீங்களும் போகாதீர்கள்’ என்று இரண்டு பக்கமும் சொல்லத் தொடங்கும் இடையாள், எல்லையைத் தாண்டிவிட்டார்.

பெரிய பார்ட்டிகள் இன்னொரு வழியில் வருவார்கள். ‘என்னைவிடக் குறைவா யாருக்கும் பண்றதில்லைன்னு எழுதிக் கொடுங்க.’ இதில் யார் பெயரும் இல்லை, எந்த எண்ணும் இல்லை, கொடுத்தால் என்ன என்று தோன்றும். கொடுத்த நாளிலிருந்து அந்தப் பார்ட்டிக்கு மற்ற எல்லோர் ரேட்டின் கீழ் எல்லையும் தெரியும். அதைச் சரிபார்க்கக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அடுத்த கோரிக்கை. ‘இந்த ஷேடு, இந்த லாட் அளவு, இந்தப் பேமென்ட்டுக்கு என்னால முடிஞ்ச கடைசி ரேட் இது’ என்பதற்கு மேல் எதையும் எழுதிக் கொடுக்காமல் இருப்பது நல்லது. அதனால் அந்த ஆர்டர் போனாலும் போகட்டும் என்று சொல்வது எளிது. மாதத் தவணை கட்டும் பட்டறைக்கு அது எளிதல்ல என்பதும் தெரியும். மறுப்பதால் ஒருபோதும் நஷ்டம் வராது என்று வாதிட முடியாது. சில ஆர்டர்கள் போகத்தான் செய்யும்.

முதலாளி வாயைக் கட்டினாலும் பட்டறை பேசும். பேக்கிங் பகுதியில் பார்ட்டி பெயர் எழுதிய துணி ரோல்கள் வரிசையாக இருக்கும். லேப் மேஜையில் வாங்குநர் ஒப்புதலுக்குப் போகவேண்டிய லேப் டிப் துண்டுகள், வாங்குநர் பெயரோடும் நிற எண்ணோடும் கிடக்கும். பார்க்க வந்த பார்ட்டியை அந்த வழியாகவே அழைத்துப் போவார்கள். ரோலில் பெயருக்குப் பதில் லாட் எண் மட்டும் எழுதுவதற்கும், லேப் துண்டுகளை மூடிய ஃபைலில் வைப்பதற்கும் செலவே இல்லை. கேள்வியும் முதலாளியிடம் மட்டும் வருவதில்லை. பில் போடுபவரிடமும் லேப் மாஸ்டரிடமும்தான் முதலில் வருகிறது. அவர்கள் நாகரிகமாக மறுக்கக் கற்றுக்கொள்ள நேரமில்லை. ‘ரேட் விஷயம் முதலாளிகிட்டக் கேட்டுக்குங்கண்ணா’ என்ற ஒரு வாக்கியம் போதும். மறுப்புக்கு விலக்கு உள்ள இடங்களையும் அவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். ஜிஎஸ்டி அதிகாரி முறைப்படி கேட்டால், ஆடிட்டர் கேட்டால், நீதிமன்றம் உத்தரவிட்டால் காட்டித்தான் ஆக வேண்டும். பட்டறையின் கணக்கை வங்கி பார்ப்பதும் வேறு. இவர்கள் யாரும் அந்தப் பார்ட்டியோடு போட்டி போடுகிறவர்களல்லர்.

இதில் ஏற்றுமதியாளர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஐரோப்பிய வாங்குநர் தரும் ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் பக்கங்களில் கையெழுத்துப் போடுகிறீர்கள். அதே ஆர்டரை ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கும்போது அதில் ஒரு வரிகூடக் கீழே இறங்கி வருவதில்லை. அடுத்த முறை டையிங்குக்கு ஆர்டர் எழுதும்போது, ‘இந்த ரேட், ஷேடு, அளவு, வாங்குநர் பெயர் ஆகியவற்றை எங்கள் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வேறு எவருக்கும் தெரிவிக்கக் கூடாது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அப்போது உங்கள் போட்டியாளர் வந்து கேட்கும்போது, பட்டறைக்காரர் அந்தத் தாளைக் காட்டாமலே ‘எழுதிக் கொடுத்திருக்கேனுங்க’ என்று யாரிடமும் சொல்லலாம். இன்னொரு பட்டறையில் போய் நீங்கள் கேட்பதையும் அன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.